குட்டையா, நடவு வயலா? ஒரு வரைபடத்திடம் கேட்க வேண்டியவை

நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடையில் ஒரு வரப்பின் மேல் நின்றிருந்தோம். கையிலிருந்த வரைபடம் அந்த இடத்தை அடர்நீலமாகக் காட்டியது. நீலம் என்றால் இறால் குட்டை. எதிரே இருந்ததோ நட்டு நான்கைந்து நாளான சம்பா. நாற்று தண்ணீருக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை. வயல் முழுக்க வானம்தான் தெரிந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் வரைபடத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது எங்க தாத்தா காலத்துலேர்ந்து நெல்லு விளையுற நிலம். போன வாரம்தான் நட்டோம். இதைப் போயி குட்டைன்னு எழுதியிருக்கீங்களே?”

எழுதியது மனிதர் யாருமில்லை. செயற்கைக்கோள் எடுத்த படத்தை ஒரு கணினி நிரல் வாசித்து, இது தண்ணீர், இது பயிர், இது தரிசு என்று வண்ணம் பூசியிருந்தது. நடவு நடந்த சமயத்தில் எடுத்த படம் அது. மேலிருந்து பார்த்தபோது அங்கே தண்ணீர்தான் இருந்தது. நிரல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது தவறு.

நிலப் பயன்பாடு எப்படி மாறியது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டும் ஆய்வுகள் இன்று கல்லூரிக் கருத்தரங்குகளிலும், மாவட்ட அளவிலான கூட்டங்களிலும், வழக்கு ஆவணங்களிலும் வருகின்றன. திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பழைய படத்தில் பச்சை, புதிய படத்தில் நீலம். கீழே ‘இத்தனை ஆயிரம் ஹெக்டேர் நெல் நிலம் இறால் பண்ணையாக மாறியது’ என்று ஒரு வரி. அதன் கீழே துல்லியம் இத்தனை சதவீதம் என்று இன்னொரு வரி. பேசுகிறவர் ‘கேள்விகள் உண்டா?’ என்று கேட்கும்போது அரங்கம் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. அந்த இரண்டு வரிகளுக்கும் பின்னால் நிற்கும் கணக்கு எளியது. கொஞ்சம் பொறுமை இருந்தால் யாரும் கேட்கலாம்.

இந்த வரைபடத்தின் எடை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம் ஆகியவற்றை இறால் குட்டைகளாக மாற்றக்கூடாது என்றது அது. ஆகவே ஒரு சர்வே எண்ணில் ‘நெல்லிலிருந்து குட்டை’ என்று நீலம் விழுந்தால் அது வெறும் வண்ணம் இல்லை. ஒருவர் மேல் விழும் குற்றச்சாட்டு. விழ வேண்டிய இடத்தில் விழாமல் போனாலும் யாரோ ஒருவருடைய கிணறு உப்பாகிக்கொண்டிருக்கலாம்.

பேசுகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, படம் எந்த மாதத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்பது. ‘2023ஆம் ஆண்டுப் படம்’ என்ற பதில் போதாது. டெல்டாவில் ஒரே வயல் ஆண்டுக்குள் பல வேடம் போடும். நடவின்போது ஏரி மாதிரி இருக்கும். ஒன்றரை மாதத்தில் பச்சைக் கம்பளம். அறுவடை முடிந்தால் வெறும் மண். இறால் குட்டைக்கும் அப்படித்தான். பயிரேற்றியிருக்கும் மாதங்களில் தண்ணீர், அறுவடை முடித்து வடித்துவிட்டால் வெடித்துக் கிடக்கும் சேறு. அந்த நாளில் பிடித்த படத்தில் குட்டை தரிசு நிலமாகத் தெரியும். பக்கத்து உப்பளப் பாத்தி குட்டையாகத் தெரியும்.

ஒற்றைப் படத்தை வைத்து இவற்றைப் பிரிப்பது கடினம். ஆண்டு முழுவதும் வரிசையாகப் படங்களைப் பார்த்தால் சிக்கல் பெருமளவு அவிழ்ந்துவிடும். நெல் வயலில் தண்ணீர் தெரிந்த சில வாரங்களில் அதே இடம் பச்சையாகியே தீரும். குட்டை ஒருநாளும் பச்சையாகாது. அந்த ஒரு வேறுபாட்டைத்தான் ஆய்வாளர் பிடிக்க வேண்டும். இதில் ஒரு தொல்லை உண்டு. நடவும் வளர்ச்சியும் நடக்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மேகம் வானத்தை மூடிவிடும். சாதாரணக் கேமரா வகைச் செயற்கைக்கோளுக்கு அந்த மாதங்களில் தரை தெரிவதே அபூர்வம். அப்போது மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் படம் வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-1 அதை 2014 முதல் தருகிறது. ஆகவே ‘மழை மாதங்களை எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்பதும் இதே கேள்வியின் மறுபாதி.

தேதிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையைக் கடந்தது. 2018 ஜனவரிப் படத்தையும் 2019 ஜனவரிப் படத்தையும் ஒப்பிட்டால் தென்னந்தோப்புகள் ஏராளமாகக் காணாமல் போயிருக்கும். தரையின் மேல் இருப்பது மாறியது உண்மை. ஆனால் நிலத்தின் பயன்பாடு மாறிவிட்டதா? தோப்புக்காரர் விழுந்த மரத்தை அகற்றிவிட்டு மறுபடி தென்னங்கன்று வைத்திருந்தால் அது இன்னும் தோப்புதான். செயற்கைக்கோள் காண்பது நிலத்தின் மேல் போர்வையை மட்டுமே. பயன்பாடு என்பது மனிதர் அந்த நிலத்தை வைத்து என்ன செய்கிறார் என்பது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்த விதியை வைத்துத் தாண்டினார் என்று பேசுகிறவர் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது பிக்சல். செயற்கைக்கோள் படம் கட்டம் கட்டமான தரவு. ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு விடைதான். லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 22 சென்ட். டெல்டாக்காரர் மொழியில் ஒரு மாவில் மூன்றில் இரண்டு பங்கு. சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், சுமார் இரண்டரை சென்ட்.

ஒரு ஏக்கர் குட்டையை எடுத்துக்கொள்வோம். சதுரமாக இருந்தால் பக்கம் சுமார் 64 மீட்டர். 30 மீட்டர் கட்டங்களை அதன்மேல் போட்டுப் பாருங்கள். பரப்பை வகுத்தால் நாலரைக் கட்டம் வருகிறது. ஆனால் கட்டங்கள் நம் வரப்பைப் பார்த்து அடுக்கப்படுவதில்லை; அவை விழுந்த இடத்தில் விழும். பெரும்பாலும் குட்டைக்குள் முழுதாக அடங்குவது ஒரே ஒரு கட்டம். சுற்றியிருக்கும் மற்ற கட்டங்களில் பாதித் தண்ணீர், பாதிக் கரை, பக்கத்து வயலின் ஓரம் எல்லாம் கலந்துகிடக்கும். அந்தக் கலவைக் கட்டம் எந்த வகையில் போய்ச் சேரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 10 மீட்டர் கட்டமானால் அதே குட்டைக்குள் 25 முதல் 36 கட்டங்கள் முழுதாக அடங்கும். கரையோரக் குழப்பம் அப்போதும் இருக்கும். ஆனால் நடுவில் உறுதியான சாட்சிகள் நிறைய.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. சென்டினல்-2 ‘10 மீட்டர் படம்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அதன் 13 அலைவரிசைகளில் நான்கு மட்டுமே 10 மீட்டர்: நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒன்று. ஈரத்தையும் தண்ணீரையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் குறுஅலை அகச்சிவப்பு 20 மீட்டர்தான், கட்டத்துக்குப் பத்து சென்ட். வகைப்பாட்டில் எந்த அலைவரிசைகள் சேர்ந்தன, 20 மீட்டரை 10ஆக எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டால் பேசுகிறவர் தம் வேலையை எவ்வளவு தூரம் அறிந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

கட்டத்தின் அளவு ஒரே படத்தில் பிசகுவதைவிட, இரண்டு படங்களுக்கிடையே பிசகுவது ஆபத்து. சென்டினல்-2 முதல் முறை ஏவப்பட்டது 2015இல். 1990க்குப் போக வேண்டுமானால் லேண்ட்சாட்தான் கதி. ஆகவே பழையது 30 மீட்டர், புதியது 10 மீட்டர் என்று எடுத்து ஒப்பிடும் ஆய்வுகள் வருகின்றன. 1990இல் அரை ஏக்கரில் இருந்த சின்னக் குட்டை பழைய படத்தில் கலவைக் கட்டங்களில் கரைந்துபோயிருக்கும்; புதிய படத்தில் பளிச்சென்று தெரியும். கணக்கில் அது ‘புதிதாக வெட்டிய குட்டை’ ஆகிவிடும். மாறியது கேமரா, நிலம் அல்ல. இதற்குச் செய்யக்கூடியது கடினமில்லை: புதிய படத்தையும் 30 மீட்டராகக் கரடாக்கி ஒருமுறை வகைப்படுத்திப் பார்க்க வேண்டும். மாற்றத்தின் பரப்பு பெருமளவு சரிந்தால், சரிந்த அளவு கேமராவின் பங்கு. ‘அப்படிச் செய்து பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள்.

இனி சதவீதத்துக்கு வருவோம். எனக்கு மனசுக்குள் உறுத்துகிற இடம் இதுதான்.

வரைபடம் 90 சதவீதம் துல்லியம் என்றால் பத்துக்கு ஒன்பது இடம் சரி. மாற்றத்தைக் காட்ட அப்படிப்பட்ட இரண்டு வரைபடங்கள் வேண்டும், பழையது ஒன்று, புதியது ஒன்று. இரண்டின் பிழைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் விழுந்தால், இரண்டிலும் சரியாக இருக்கும் இடம் 0.9ஐ 0.9ஆல் பெருக்கியது, 81 சதவீதம். நூற்றில் 19 இடத்தில் ஏதோ ஒரு வரைபடம் தவறு. உண்மையில் நெல் குட்டையான நிலம் மொத்தத்தில் இரண்டு மூன்று சதவீதம்தான் என்றால், பிழையின் குவியலுக்குள் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். இரண்டு வரைபடங்களுக்கும் தனித்தனியே துல்லியம் போட்டுவிட்டு, மாற்றத்துக்கு ஒன்றும் போடாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே கேள்வி: ‘மாற்றம் என்று காட்டிய இடங்களின் துல்லியம் என்ன? மாற்றமில்லை என்று காட்டிய இடங்களில் எவ்வளவு தவறிப்போயிற்று?’

கணக்கைப் போட்டே பார்க்கலாம். வசதிக்காக முழு எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஆய்வுப் பகுதி 1,00,000 ஹெக்டேர். வரைபடம் 2,000 ஹெக்டேரை மாற்றம் என்றும், மீதி 98,000ஐ மாற்றமில்லை என்றும் சொல்கிறது. சரிபார்க்க 500 இடங்களைச் சீட்டுக் குலுக்கியது போல எடுக்கிறோம்: மாற்றப் பகுதியில் 100, மாறாத பகுதியில் 400. ஒவ்வோர் இடத்தையும் நேரில் போயோ, மிகத் தெளிவான படத்தைப் பார்த்தோ உண்மை என்னவென்று எழுதுகிறோம். மாற்றம் என்ற 100இல் 80 உண்மையாகவே மாறியவை. 20 நம் கடைமடைக்காரரின் வயலைப் போல. மாறவில்லை என்ற 400இல் 396 சரி. நான்கு இடத்தில் உண்மையில் குட்டை வந்திருக்கிறது.

பரப்புக்கு ஏற்ற எடை கொடுத்து மொத்தத் துல்லியம் கணக்கிட்டால் 98.6 சதவீதம். திரையில் இது வந்தால் அரங்கம் கைதட்டும்.

இப்போது பரப்பைப் பாருங்கள். 2,000 ஹெக்டேரில் 80 சதவீதம் உண்மை, அது 1,600. மாறாத 98,000இல் நூற்றில் ஒன்று தவறிப்போனது, அது 980. இரண்டையும் கூட்டினால் உண்மையில் மாறியது சுமார் 2,580 ஹெக்டேர். வரைபடம் பிடித்தது அதில் 1,600 மட்டும். நூற்றுக்கு 38 பங்கு அதன் கண்ணில் படவே இல்லை. வரைபடத்தின் கட்டங்களை எண்ணி ‘2,000 ஹெக்டேர் மாறியது’ என்று அறிவிப்பது இங்கே இரண்டு பக்கமும் தவறு: மாறாத 400 ஹெக்டேரைக் குற்றம் சாட்டுகிறது, மாறிய 980ஐ விட்டுவிடுகிறது.

98.6 எப்படி இவ்வளவையும் மறைத்தது? மாறாத நிலம் மிகப் பெரிது. அங்கே சரியாகச் சொல்வது சுலபம். ‘எங்குமே எதுவும் மாறவில்லை’ என்று ஒரு வெற்று வரைபடம் போட்டாலும் இதே பகுதியில் அதற்கு 97.4 சதவீதம் கிடைக்கும். ஒன்றுமே செய்யாத வரைபடத்துக்கும் பாடுபட்ட வரைபடத்துக்கும் ஒன்றே கால் சதவீதம்கூட வித்தியாசமில்லை. ஆகவே மொத்தச் சதவீதத்தைக் கேட்டுத் திருப்திப்படாமல், மாற்றம் என்ற அந்த ஒரு வகைக்குரிய இரண்டு எண்களைக் கேட்க வேண்டும். வரைபடம் மாற்றம் என்றதில் எத்தனை உண்மை என்பது ஒன்று, இங்கே 80. உண்மையாக மாறியதில் வரைபடம் எத்தனை பிடித்தது என்பது மற்றொன்று, இங்கே 62. துறையில் முன்னதைப் பயனர் துல்லியம் என்றும், பின்னதைத் தயாரிப்பாளர் துல்லியம் என்றும் சொல்வார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்னது முக்கியம். கிணறு உப்பாகிறவருக்குப் பின்னது. சில திரைகளில் கப்பா என்று இன்னோர் எண்ணும் நிற்கும். 2011இல் பொன்டியஸ், மில்லோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை விட்டொழிக்கலாம் என்று விரிவாக எழுதிவிட்டார்கள். அது நிற்கிறதென்று நாமும் மயங்க வேண்டாம்.

2,580 என்பதும் வெறும் மதிப்பீடுதான். 500 இடத்தைப் பார்த்து ஒரு லட்சம் ஹெக்டேருக்குச் சொல்கிறோம். இந்த எண்களுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டால், கூட்டியும் குறைத்தும் சுமார் 970 ஹெக்டேர் வருகிறது. அதாவது உண்மை 1,610க்கும் 3,550க்கும் இடையில் எங்கோ. பெரிய இடைவெளிதான். ஆனாலும் இதைச் சொல்கிற ஆய்வாளரை நான் நம்புவேன், ‘1,997.38 ஹெக்டேர்’ என்று தசமப் புள்ளியோடு சொல்கிறவரை நம்பத் தயங்குவேன். 2014இல் ஒலோஃப்சன் முதலானோர் இந்தத் துறைக்கு எழுதிய நெறிமுறைக் கட்டுரை இதைத்தான் வலியுறுத்துகிறது: கட்டங்களை எண்ணி நிறுத்தாதே, மாதிரியை வைத்துப் பரப்பை மதிப்பிடு, இடைவெளியோடு சொல்.

இவ்வளவும் அந்த 500 இடங்கள் ஒழுங்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால்தான் செல்லும். கணினிக்குப் பயிற்சி கொடுக்க ஆய்வாளர் சில இடங்களைக் காட்டுவார்: இது குட்டை, இது வயல். வசதிக்காக ஒரே குட்டைக்குள் 40 கட்டங்களைப் பிடித்து, 28ஐப் பயிற்சிக்கும் 12ஐச் சோதனைக்கும் ஒதுக்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் பன்னிரண்டும் இருபத்தெட்டும் ஒரே தண்ணீர், ஒரே ஆழம், ஒரே வெயில். சோதனையில் தேறாமல் எப்படி இருக்கும்? ஒரு பானை சோற்றுக்குத்தான் ஒரு சோறு பதம். பக்கத்து வீட்டுப் பானைக்கு அது பதமாகாது. இன்னொரு பழக்கம், சாலையோரம் கார் நிற்கும் இடங்களில் மட்டும் புள்ளி எடுப்பது. இறால் குட்டைகள் பெரும்பாலும் உப்பனாற்றின் ஓரத்தில், வண்டி போகாத இடத்தில் இருக்கும்.

புள்ளியில் என்ன இருந்தது என்று முடிவு செய்தவர் யார் என்பதும் சின்ன விஷயமில்லை. நம் கணக்கில் மாற்றப் பகுதியின் ஒவ்வொரு புள்ளியும் 20 ஹெக்டேருக்காகப் பேசுகிறது. மாறாத பகுதியின் ஒவ்வொரு புள்ளியோ 98,000ஐ 400ஆல் வகுத்தது, 245 ஹெக்டேர். அங்கே ஒருவர் வடித்துவிட்ட குட்டையைத் தரிசு என்று தவறாக எழுதிவிட்டால், மாவட்டக் கணக்கில் ஒரே நொடியில் 245 ஹெக்டேர் குறைந்துவிடும். அதனால்தான் ஒரே புள்ளியை இருவர் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், முடிவு செய்ய வேண்டும். இருவரும் எத்தனை இடத்தில் ஒத்துப்போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் பார்த்த தெளிவான படத்தின் தேதி, வகைப்படுத்திய படத்தின் தேதிக்கு அருகில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு பிந்திய படத்தை வைத்துச் சரிபார்த்தால் நடுவில் வெட்டிய குட்டையெல்லாம் பிழைக் கணக்கில் ஏறிவிடும்.

என்னிடம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் கொடுத்தால், மாறாத பகுதியில் தவறிப்போன அந்த நான்கு புள்ளிகள் எங்கே விழுந்தன என்று கேட்பேன். மொத்த இடைவெளியையும் அகலமாக்கியது அவைதான். நான்கும் பகுதி முழுக்கச் சிதறியிருந்தால் செய்வதற்கு அதிகமில்லை. இன்னும் நிறைய இடங்களைப் பார்க்க வேண்டியதுதான். நான்கும் உப்பனாற்றை ஒட்டி, ஏற்கெனவே உள்ள குட்டைகளுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் விழுந்திருந்தால் கதை வேறு. புதுக் குட்டை பழைய குட்டையின் பக்கத்தில்தான் வெட்டப்படும். உப்புநீர் அங்கேதான் கிடைக்கும். அப்போது அந்தக் கரையோரப் பட்டையை மாறாத பகுதியிலிருந்து தனியாகப் பிரித்து, அதற்கென்று 150 புள்ளிகளாவது ஒதுக்க வேண்டும். அங்கே ஒரு புள்ளி 245 ஹெக்டேருக்காகப் பேசாது; பட்டையின் பரப்பு 6,000 ஹெக்டேர் என்றால் 40 ஹெக்டேருக்காகத்தான் பேசும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரும்போது அந்த 970 எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.